அறுபதில் பத்தொன்பது வெறுங்கை

அடையாள அட்டையில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை. தொழிலில் அவர் பெயர் நம்பர்.

வாஷிங் மெஷின் உதிரிபாகக் கடையில் முப்பத்தோரு வருஷம் கவுண்டருக்குப் பின்னால் நின்றவர். வாசலில் நின்றபடியே "அந்தப் பழைய மாடலுக்குக் கதவு ரப்பர் வேணும்" என்று ஒருவன் கேட்டால் போதும். அவன் படியேறி வருவதற்குள் பன்னிரண்டு இலக்க நம்பரைச் சொல்லி, அது எந்த வரிசையில் எத்தனையாவது பெட்டி என்பதையும் சொல்லிவிடுவார். கடைக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது எல்லாரும் அவரைக் கம்ப்யூட்டரோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரு தடவை கம்ப்யூட்டர் தப்பாகவும் அவர் சரியாகவும் சொன்னது உண்மை. அந்த ஒரு தடவையை அவர் சொந்தக்காரர்களுக்குச் சொன்னார், பல் டாக்டருக்குச் சொன்னார், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவனுக்கும் சொன்னார்.

சொல்லிக்கொள்ளட்டுமே, அதில் என்ன தப்பு? பள்ளிக்கூடத்துக்கும் அவருக்கும் ஏழு வருஷப் பழக்கம்தான். கடையைக் கூட்டிப் பெருக்க வந்தவர், அட்டைப் பெட்டிகளின் மேலிருந்த எழுத்தைப் பார்த்துப் பார்த்தே இங்கிலீஷ் வாசிக்கக் கற்றுக்கொண்டார். "யார் தயவுலயும் நான் வளரல" என்று அவர் மார்தட்டினால், தட்டுவதற்கு அந்த மார்பில் இடம் இருந்தது.

முதலாளி போனார். பிள்ளைகள் வந்தார்கள், கடையை மூடினார்கள். நம்பர் வீட்டில் உட்கார்ந்து பதினோரு மாதம் ஆயிற்று. இருபத்திரண்டு இடத்துக்கு இணையத்தில் விண்ணப்பம் போடப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் படிப்பு என்ன என்று ஒரு கட்டம் வரும். அதைத் தட்டினால் ஒரு பட்டியல் இறங்கும். அந்தப் பட்டியலில் கடைசிப் படிகூட அவர் நின்ற படிக்கு மேலே இருக்கும். எதையாவது தேர்ந்தெடுக்காமல் அடுத்த பக்கம் திறக்காது. பொய்யாக ஒன்றைத் தட்டிவிட்டுப் போகலாம். அவர் தட்டவில்லை. "நான் பொய் சொல்லி ஒரு ஸ்க்ரூகூட வித்ததில்ல" என்று சொல்லிக் கணினியை மூடிவிடுவார்.

அந்த வாயால் பின்னால் என்ன சொன்னார் என்பதுதான் இந்தக் கதை.

அவருக்கு ஒரு சகலை. மனைவியின் தங்கை புருஷன், பன்னிரண்டு வயது இளையவர். பெரிய சர்வீஸ் கம்பெனி ஒன்றில் டெக்னீஷியன். வீடு வீடாகப் போய் மெஷின் பழுது பார்ப்பவர். அவர்தான் ஒரு நாள் போனில் சொன்னார்.

"சகலை, எங்க ஆபீஸ்ல பாகங்கள் மேசைக்கு, எந்த வீட்டுக்கு எந்த பார்ட்னு பார்த்துக் கொடுக்க, ஆள் தேடுறாங்க. உங்களுக்குன்னே செஞ்ச வேலை. மேனேஜர் மேடமே நேரா ஆள் எடுக்கிறாங்க, அவங்க மெயில் விலாசம் அனுப்புறேன். ஆனா ஒண்ணு, என் பேரை மட்டும் சொல்லிடாதீங்க. சிபாரிசுன்னா அந்தம்மாவுக்கு ஆகவே ஆகாது."

"உங்க பேர் எனக்கு எதுக்கு சகலை? என் பேருக்கே ஒரு மதிப்பு இருக்கு. பார்ப்போம், தோணினா போடுறேன்" என்றார் நம்பர்.

தோணினா என்பது சும்மா. போனை வைத்த கையோடு விண்ணப்பம் எழுத உட்கார்ந்துவிட்டார். கிடைக்காமல் போனால் சகலைக்குத் தெரிய வேண்டாமே என்றுதான் அப்படி ஒரு இழுப்பு.

சனிக்கிழமை மாலை அவர் எழுதியதை மகள் படித்தாள். அவள் ஒரு அச்சகத்தில் பக்கம் வடிவமைப்பவள். எதைப் பார்த்தாலும் பாதியாகக் குறைக்கச் சொல்வது அவள் தொழில் புத்தி.

"அப்பா, ரெண்டு பக்கம் இருக்கு."

"முப்பத்தோரு வருஷம்மா. ரெண்டு பக்கம் கம்மி."

"கம்ப்யூட்டர் தோத்த கதை எதுக்கு?"

"அதுதானே முக்கியம்!"

"அந்த மேடத்துக்கு ஒரு நாளைக்கு நூறு மெயில் வரும். நூறு பேரும் 'நான் கடின உழைப்பாளி'ன்னுதான் எழுதியிருப்பாங்க. நீங்க சொல்லாதீங்க, செஞ்சு காட்டுங்க. அவங்க வேலையில எங்க ஓட்டை இருக்கோ அதுல ஒண்ணே ஒண்ணை எடுத்து, இப்படி அடைக்கலாம்னு ஒரு பக்கத்துல போட்டு இணைச்சிடுங்க. மெயில் ஆறு வரிக்கு மேல வேண்டாம்."

நம்பர் முறைத்துக்கொண்டு எழுந்து போனார். அரை மணி கழித்துத் திரும்பி வந்தார், கையில் ஒரு தாள். மகள் அதைப் பார்த்துவிட்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

தாளில் ஒரே ஒரு புகார்தான் இருந்தது: 'தண்ணீர் வடியவில்லை.' ஒரு பக்கம், கம்பெனிக்குப் போன் செய்தால் இப்போது என்ன கேட்கிறார்கள் என்று: பெயர், விலாசம், எந்தக் கம்பெனி மெஷின், என்ன கோளாறு. இதை அவர் யாரிடமும் கேட்கவில்லை. இரண்டு வருஷம் முன்னால் அவரே வாடிக்கையாளராகப் போன் செய்திருக்கிறார். மறுபக்கம், கூடவே என்ன கேட்க வேண்டும் என்று மூன்று கேள்விகள். ஒன்று: கதவைத் திறந்தால் விளிம்பில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதைப் போட்டோ எடுத்து அனுப்ப முடியுமா? மாடல் நம்பரின் கடைசி இரண்டு எழுத்து மாறினால், தண்ணீரை வெளியேற்றும் பம்ப் மாறும். இரண்டு: திரையில் ஏதாவது எழுத்தோ எண்ணோ மின்னுகிறதா? மூன்று: வடிய வேண்டிய நேரத்தில் மெஷின் முனகுகிறதா, ஊமையாக இருக்கிறதா? முனகினால் பம்ப் உயிரோடு இருக்கிறது, பெரும்பாலும் ஏதோ அடைத்திருக்கிறது. கீழே இருக்கும் வடிகட்டியைக் கழற்றிப் பார்க்க வேண்டும், பாகம் தேவைப்படாது. ஊமையாக இருந்தால் பம்ப் போயிருக்கலாம், இல்லை வயர் விட்டிருக்கலாம். அப்போது அந்த மாடலுக்கான பம்பைக் கையோடு கொண்டுபோக வேண்டும்.

இந்த மூன்றாவது கேள்வி அவருடைய சொந்தச் சரக்கு. கடைக்குப் பம்ப் வாங்க வருகிறவனிடம் "முனகுதா, ஊமையா?" என்று கேட்டு, முனகுது என்றால் பம்ப் விற்காமலே அனுப்பிவிடுவார். அதற்காக முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

"அப்பா, இது பிரமாதம்" என்றாள் மகள். பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டாள். "ஒரே ஒரு குறை. இது பெரிய பிரச்சினைதான்னு அவங்க எப்படி நம்புவாங்க? 'அடிக்கடி'ன்னு எழுதியிருக்கீங்க. எத்தனைக்கு எத்தனைன்னு ஒரு கணக்கு இருந்தா தூக்கி அடிச்சிடும். இல்லாட்டியும் பரவாயில்ல, அனுப்பிடுங்க."

'இல்லாட்டியும் பரவாயில்ல' அவர் காதில் ஏறவில்லை. தூக்கி அடிப்பது மட்டும் ஏறிற்று. நாளைக்கு அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வீட்டு மெஷின் தண்ணீரை வயிற்றில் வைத்துக்கொண்டு முனகிற்று. நம்பருக்குப் பாகத்தின் நம்பர் தெரியுமே தவிர, ஸ்க்ரூடிரைவர் பிடித்தால் கை தந்தியடிக்கும். மனைவி தங்கைக்குப் போன் செய்தாள். விடுமுறை நாளிலும் சகலை பையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"ஊருக்கே பார்ட் வித்தவர் வீட்டுல மெஷின் படுத்துடுச்சா?" என்று சிரித்துக்கொண்டே குளியலறைக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் தரையில் ஒருக்களித்துப் படுத்து, மெஷினுக்குள் முழங்கைவரை விட்டிருந்தார்.

"சகலை, என் பையில டார்ச் இருக்கும். எடுத்துத் தர்றீங்களா?"

பை கூடத்தில் இருந்தது. டார்ச்சை எடுத்துக் கொடுத்தார் நம்பர். திரும்பி வந்து பையின் வாயை மூடப் போனார். மூடியிருந்தால் ஒன்றும் இல்லை. டார்ச் இருந்த இடத்துக்குக் கீழே வேலை அட்டைப் புத்தகம் இருந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு அட்டை. வாடிக்கையாளர் கையெழுத்துப் போட்டதும் மேல்தாள் ஆபீசுக்குப் போகும், கார்பன் நகல் புத்தகத்தில் தங்கும்.

கூடத்தில் யாரும் இல்லை. மனைவி அடுப்படியில். மகள் வெளியே போயிருந்தாள். குளியலறையிலிருந்து சகலையின் சீட்டி கேட்டது.

நம்பர் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கொல்லைப்புறமாக வீட்டுக்குள் நுழைகிறவன் மாதிரி முதல் பக்கத்தைத் திறந்தார். ஆட்களின் பெயர், வீட்டு விலாசம், போன் நம்பர் எல்லாம் இருந்தன. அதை நான் பார்க்கவில்லையே, அடிவரியைத்தானே பார்க்கிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அடிவரியில் சகலையின் சாய்ந்த கையெழுத்து: 'முடிந்தது.' 'முடிந்தது.' 'வெறுங்கை.' 'முடிந்தது.' 'வெறுங்கை.' பாகம் இல்லாமல் போய்த் திரும்பிய நாளெல்லாம் அப்படி எழுதியிருந்தார்.

எண்ணுவது அவருக்குப் பிறவிக் குணம். விரல் தானாகப் புரட்டிற்று. அறுபது அட்டை, அதில் பத்தொன்பது வெறுங்கை.

"கண்டுபிடிச்சாச்சு!" என்று உள்ளே இருந்து குரல் வந்தது. நம்பர் புத்தகத்தைப் பட்டென்று மூடினார். "அக்காவோட ஹேர்பின்னு! பம்ப் விசிறியில மாட்டியிருக்கு!"

புத்தகம் பைக்குள் போயிற்று. சகலை ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, காபியைக் குடித்துவிட்டு, "அந்த வேலைக்குப் போடுறீங்களா இல்லையா?" என்று கேட்டார்.

"யோசிக்கிறேன்" என்றார் நம்பர், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு.

சகலை பஸ் ஏறியிருப்பார், அதற்குள் நம்பர் ஒற்றை விரலால் தட்டி முடித்துவிட்டார். மகள் வரும்வரை காத்திருக்கவில்லை. அவள் வந்தால் கணக்கு எங்கேயிருந்து வந்தது என்று கேட்பாள். மெயில் இதுதான்:

'பொருள்: பாகங்கள் மேசை வேலை, ஒரு பக்கம் இணைத்துள்ளேன்.

வணக்கம். உங்கள் பாகங்கள் மேசை வேலைக்கு விண்ணப்பிக்கிறேன். அறுபது வருகையில் பத்தொன்பது வெறுங்கையாக முடிகிறது. போனிலேயே மூன்று கேள்வி கூடுதலாகக் கேட்டால் இதில் பெரும்பகுதி குறையும் என்று நினைக்கிறேன். தண்ணீர் வடியாத புகாருக்கு மட்டும் மாதிரி செய்து இணைத்திருக்கிறேன். பயன்படும் என்று தோன்றினால் பத்து நிமிடம் நேரில் விளக்குகிறேன். முப்பத்தோரு வருடம் உதிரிபாகக் கவுண்டரில் நின்றவன்.'

திங்கட்கிழமை பதினோரு மணிக்குப் பதில் வந்தது. 'உங்கள் தாளைப் படித்தேன். வியாழன் காலை பத்தரைக்கு வர முடியுமா?' இருபத்திரண்டு இடத்தில் ஒன்றில்கூட அந்தப் படிப்புக் கட்டத்தைத் தாண்ட முடியவில்லை. இங்கே ஒரே நாளில் கூப்பிடுகிறார்கள். அன்று முழுக்க அவர் கால் தரையில் படவில்லை. மனைவியிடமும் மகளிடமும் மட்டும் சொன்னார். "சகலைக்கு நானே சொல்லிக்கிறேன், யாரும் வாயைத் திறக்காதீங்க" என்று கட்டளை போட்டார்.

புதன்கிழமை மதியம் சகலையே கூப்பிட்டார். குரல் உடைந்திருந்தது.

"சகலை, உங்ககிட்ட ஒரு யோசனை கேட்கணும். நேத்திலிருந்து என்னை வேலைக்கு அனுப்பல. ஆபீஸ் வராந்தாவுல உட்கார வச்சிருக்காங்க."

"ஏன், என்ன ஆச்சு?"

"என் அட்டையில இருக்கிற விவரம் யாரோ வெளியாள் கைக்குப் போயிருக்காம். யாருன்னு மேடம் சொல்ல மாட்டேங்கிறாங்க. அட்டையில ஜனங்களோட விலாசம், போன் நம்பர் எல்லாம் இருக்கு இல்லையா? வெளியே போனா வேலையே போயிடும் சகலை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கோம்."

நம்பர் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினார்.

"எந்த வீட்டுல புத்தகத்தை மறந்து வச்சேன்னு ரெண்டு நாளா மண்டையை உடைச்சுக்கிறேன். போன வாரம் ஒரு மாடி வீட்டுல பையைத் திறந்து போட்டுட்டு மொட்டைமாடிக்குப் போனேன். அங்கேதான் யாரோ பார்த்திருக்கணும். என் தப்புத்தான். பொறுப்பில்லாம இருந்துட்டேன். மேடம்கிட்ட அந்த வீட்டுப் பேரைச் சொல்லிடட்டுமா? பாவம், அவங்க நல்ல ஜனங்க மாதிரிதான் தெரிஞ்சாங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

சொல்ல வேண்டிய வார்த்தை எது என்று அவருக்குத் தெரியும். அது வெளியே வந்தால் நாளைக் காலைப் பத்தரை மணி போய்விடும். பதினோரு மாதத்துக்கு அப்புறம் வந்த பத்தரை மணி.

"அவசரப்பட்டு யார் பேரையும் சொல்லாதீங்க" என்றார். "பொறுங்க. சரியாயிடும்."

"நீங்க சொன்னா சரிதான் சகலை. உங்ககிட்ட பேசினதும் கொஞ்சம் தைரியமா இருக்கு."

அந்த ஒரு வார்த்தைக்குப் பதில் சகலை செருப்பால் அடித்திருக்கலாம். நம்பர் போனைக் கீழே வைத்தார். மனைவி வந்து, "யாரு?" என்று கேட்டாள். "ராங் நம்பர்" என்றார். பொய் சொல்லி ஒரு ஸ்க்ரூகூட விற்காதவர் அன்றைக்கு இரண்டு பொய்யைச் சல்லிசாக விற்றார்.

வியாழக்கிழமை இஸ்திரி போட்ட சட்டையோடு போனார். வராந்தாவில் போட்டிருந்த நாற்காலிகள் காலியாக இருந்தன. அப்பாடா என்று இருந்தது. அப்படி இருந்ததற்கு வெட்கமாகவும் இருந்தது.

மேனேஜருக்கு நாற்பது வயது இருக்கும். மேசையில் அவருடைய தாள், அதில் நான்கைந்து இடத்தில் பென்சில் கோடு.

"உட்காருங்க சார். முனகுதா ஊமையா, இதை எங்க போன் டெஸ்க்ல ரெண்டு நாள் கேட்கச் சொல்லிப் பார்த்தேன். ஏழு பேர்ல மூணு பேர் 'முனகுது'ன்னாங்க. அந்த மூணு பேருக்கும் பார்ட் தேவைப்படல. வடிகட்டியைச் சுத்தம் பண்ணினதோட வேலை முடிஞ்சுது."

"நாலாவது கேள்வியும் இருக்கு மேடம். மெஷினை இடம் மாத்தி வச்சீங்களான்னு கேட்கணும். பின்னால இருக்கிற குழாய் மடங்கியிருக்கும். அதுக்கும் பார்ட் வேண்டாம்."

அவள் சிரித்துவிட்டு அதையும் எழுதிக்கொண்டாள். படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஐந்து மாடல் பெயரைச் சொன்னாள். ஐந்துக்கும் பம்ப் நம்பர் சொன்னார். அவள் கம்ப்யூட்டரில் சரிபார்த்துக்கொண்டே வந்து, ஐந்தாவதில் புருவத்தைத் தூக்கினாள். அந்த நிமிஷம் நம்பர் ஒரு முழம் வளர்ந்தார். பிறகு அவள் தாளைத் தள்ளி வைத்துவிட்டு மெயிலை எடுத்தாள்.

"இந்த அறுபதுக்குப் பத்தொன்பது. எங்க ரிப்போர்ட்ல இவ்வளவு வராது. ரெண்டாவது தடவை போறதை ஆபீஸ்ல புது வேலைன்னு பதிவு பண்ணிடுறாங்க, அதனால மறைஞ்சு போகுது. உண்மையான எண் இதுதான், நானும் அட்டையை எடுத்து எண்ணிப் பார்த்தேன். உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"அனுபவம் மேடம். கடைக்கு வர்ற டெக்னீஷியனுங்க சொல்லுவாங்க. அதை வச்சு ஒரு ஊகம்."

"ஊகம் சரியா பத்தொன்பதுல வந்து நிக்குமா?"

"முப்பத்தோரு வருஷம் இல்லையா."

அவள் மெயிலில் ஒரு வார்த்தையின் கீழே கோடு போட்டாள். "வெறுங்கைன்னு எழுதியிருக்கீங்க. எங்க படிவத்துல 'மறுவருகை'ன்னு இருக்கும். இங்க எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க. வெறுங்கைன்னு எழுதுறது ஒரே ஒருத்தர்."

அந்த வார்த்தை எழுதும்போது எவ்வளவு அழகாக இருந்தது! யாருடைய வார்த்தை என்று தோன்றவே இல்லை.

"நானா போட்ட வார்த்தைதான் மேடம்" என்றார். "வேற யாரும் எனக்கு எதுவும் கொடுக்கல." இந்தக் கடைசி வாக்கியம் மட்டும் உண்மை.

"சரி. சனிக்கிழமை சொல்றேன்." அவள் எழுந்து கதவைத் திறந்துவிட்டாள்.

வராந்தாவில் டீ கப்போடு சகலை வந்துகொண்டிருந்தார். இரண்டு நாள் தாடி. நம்பரைப் பார்த்ததும் கப் கையிலேயே நின்றது.

"சகலை! நீங்க..." இஸ்திரிச் சட்டையைப் பார்த்தார், திறந்த கதவைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "வேலைக்குத்தான் வந்தீங்களா? சொல்லவே இல்லையே!" அப்புறம் மேனேஜரைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மேடம், இவர் என் சகலை. நான் இருக்கிற நிலைமையில சிபாரிசு பண்றது தப்புன்னு தெரியும். ஆனா உண்மையைச் சொல்லணும்ல? பார்ட்ஸ்ல இவரை மாதிரி ஆள் கிடையாது. விட்டுடாதீங்க."

மேனேஜர் சகலையைப் பார்த்தாள், நம்பரைப் பார்த்தாள், மறுபடியும் சகலையைப் பார்த்தாள். அவள் கணக்குக் கூட்டுகிற சத்தம் நம்பருக்குக் கேட்டது. சொந்தக்காரனுக்கு வேலை வாங்கிக் கொடுக்க அட்டையைக் கொடுத்திருக்கிறான். வேறு எப்படிக் கூட்டினாலும் அந்த விடைதான் வரும். நல்ல மனசோடு சகலை சொன்ன நாலு வார்த்தை அவர் கழுத்துக்கே கயிறாகிவிட்டது. அது அவருக்கே தெரியாது.

இப்போது வாயைத் திறந்திருக்க வேண்டும். வாய் திறந்தது.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார் நம்பர்.

படியில் இறங்கித் தெருவுக்கு வந்து, பஸ் நிறுத்தத்து இரும்புப் பலகையில் உட்கார்ந்தார். இரண்டு பஸ் வந்து போயிற்று. ஏறவில்லை. யார் தயவிலும் வளராத மனிதர், தம்பி மாதிரி இருக்கிறவன் பையில் கைவிட்டு வளரப் பார்த்ததை யோசித்துக்கொண்டிருந்தார். கேட்டிருந்தால் சகலை என்ன சொல்லியிருப்பார்? 'அட்டையைக் காட்டக் கூடாது சகலை, ஆனா மூணுல ஒண்ணு இப்படித்தான் ஆகுது' என்று சொல்லியிருப்பார். 'மூன்றில் ஒன்று' என்று எழுதியிருந்தாலே போதும். அதுகூட வேண்டாம், மூன்று கேள்வி மட்டுமே போதும். மகள் அதைத்தான் சொன்னாள்.

மூன்றாவது பஸ் வந்தபோது போனை எடுத்தார். இந்தத் தடவை யாரும் குறைக்கச் சொல்லவில்லை.

'வணக்கம் மேடம். சற்று முன் உங்களிடம் பொய் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை சகலை எங்கள் வீட்டு மெஷினைச் சரிசெய்ய வந்தார். அவர் குளியலறையில் இருந்தபோது அவருக்குத் தெரியாமல் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து எண்ணினேன். அவர் கொடுக்கவில்லை. நான் விண்ணப்பித்ததே அவருக்கு இன்றுதான் தெரியும். விலாசம் எதையும் குறித்துக்கொள்ளவில்லை. அந்தக் கணக்கும் அந்த வார்த்தையும் அவருடையவை. கேள்விகள் என்னுடையவை, வைத்துக்கொள்ளுங்கள். அவரை வேலைக்கு அனுப்புங்கள்.'

அனுப்பினார். சகலைக்குக் கூப்பிட்டார். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார். எடுக்கவில்லை.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, "அன்னைக்கு ராங் நம்பர்னு சொன்னது அவர்தானா?" என்றாள்.

"ஆமா."

"அவர் விடுமுறையை விட்டுட்டு வந்து நம்ம வீட்டுத் தரையில படுத்துக் கிடந்தார்."

சனிக்கிழமை வரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையிலேயே மெயில் வந்துவிட்டது. மகள்தான் படித்துக் காட்டினாள்.

'உங்கள் கடிதத்துக்கு நன்றி. அவர் இன்று முதல் வேலைக்குப் போகிறார். புத்தகம் இருந்த பையைக் கவனிக்காமல் விட்டதற்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் மட்டும் கொடுத்திருக்கிறேன், அதைத் தவிர்க்க முடியாது. பாகங்கள் மேசைக்கு வருகிறவர் கையில் வாடிக்கையாளர் விவரம் எல்லாம் இருக்கும். அதனால் உங்களை எடுக்க முடியாது. உங்கள் கேள்விகளை நாங்கள் பயன்படுத்துவோம், உங்கள் பெயரோடு.'

மகள் போனை மேசையில் வைத்தாள். "நான்தான் கணக்கு வேணும்னு கிளப்பி விட்டேன்" என்றாள்.

"நீ எண்ணச் சொன்னே. எடுக்கச் சொல்லல" என்றார் நம்பர்.

சகலைக்கு வந்த அந்த எச்சரிக்கைக் கடிதம் நெஞ்சில் முள்ளாகக் குத்திற்று. ஒன்பது வருஷ வேலையில் ஒரு கறுப்புப் புள்ளி இல்லாத ஆள். தனக்கு வேலை கிடைக்கவில்லை என்பது அன்று முழுக்க அவருக்கு நினைவுக்கே வரவில்லை.

மாலை மறுபடி கூப்பிட்டார். இந்தத் தடவை போனை எடுத்தது மனைவியின் தங்கை.

"சொல்லுங்க மாமா."

"அவர் இருக்காரா?"

"இருக்கார்." அந்தப் பக்கம் தொலைக்காட்சிச் சத்தம் கேட்டது, யாரோ அதைக் குறைத்தார்கள். "போனை என்கிட்ட கொடுத்துட்டார்."

"ரொம்பக் கோவமா?"

"கோவம்னா கத்தியிருப்பார் மாமா. கத்தல. அந்த மாடி வீட்டுக்காரங்களைச் சந்தேகப்பட்டுட்டேனேன்னுதான் சொல்லிக்கிட்டே இருக்கார். அவங்களுக்கு அது தெரியவே தெரியாது. ஆனாலும் இன்னைக்கு அந்தப் பக்கம் போனப்போ இறங்கி நின்னு, மெஷின் நல்லா ஓடுதான்னு கேட்டுட்டு வந்தாராம்."

"நாளைக்குக் கூப்பிடட்டுமா?" என்று கேட்டார் நம்பர்.

அவள் கையால் போனை மூடிக்கொண்டு யாரிடமோ பேசினாள். ஒரு முணுமுணுப்பு, ஒரு இடைவெளி, இன்னொரு முணுமுணுப்பு.

"போன் வேண்டாமாம் மாமா. ஞாயித்துக்கிழமை நேர்ல வரச் சொல்றார்."

"வர்றேன். கண்டிப்பா வர்றேன். அக்காவையும் கூட்டிட்டு..."

"அக்கா வேண்டாம்" என்றாள் அவள். "தனியா வாங்க."